கையால் வரைந்த பிளான் போட்டோ போட்டிருக்கேன்: காத்து வருமா, கட்டில் எங்கே போடலாம்?

நங்கநல்லூர்_புதுசு:
வணக்கம். நங்கநல்லூர் பக்கம் ரெண்டாவது மாடியில ஒரு பழைய ஃபிளாட் வாங்கியிருக்கோம், ரீசேல். பில்டர் பிளான் யார்கிட்டயும் இல்ல. என் தம்பி டேப் பிடிச்சு அளந்து கட்டம் போட்ட நோட்டுல வரைஞ்சான். அதைத்தான் போட்டோ எடுத்துப் போட்டிருக்கேன். கொஞ்சம் சாய்வா விழுந்திருக்கு, மன்னிக்கவும்.

போட்டோல எழுத்து தெரியாதவங்களுக்காக: ஹால் 11க்கு 13 அடி. கிச்சன் 8க்கு 10. பெரிய பெட்ரூம் 12க்கு 10. சின்ன ரூம் 10½க்கு 8½. பாத்ரூம் 7க்கு 4, அதுக்குப் பக்கத்துல 3 அடி நடை. தாளோட அடியில மெயின் டோர். ரெட்டைக் கோடு போட்டதெல்லாம் சன்னல். பென்சில்ல போட்ட பெட்டிகள் எல்லாம் சாமான்: கட்டில், பீரோ, சோபா, ஃபிரிட்ஜ்.

நாங்க நாலு பேர். நான், அவர், எட்டாவது படிக்கிற பையன், மாமியார். சின்ன ரூம் மாமியாருக்குன்னு நினைச்சிருக்கோம். ஆவணியில குடி போறோம். காத்தோட்டம் எப்படி, சாமான் போட்டது சரியான்னு பார்த்துச் சொல்லுங்க.

ஈசானியம்:
பிளான் பார்த்தேன். சமையலறை இடது பக்கம் மேலே இருக்கு, அதாவது வாயு மூலை. அடுப்பு அங்கே இருந்தால் பரவாயில்லை ரகம்தான். ஆனால் சின்ன ரூம் கீழே வலது பக்கம், அது அக்னி மூலை. பெரியவங்களை அக்னி மூலையில் படுக்க வைக்கக் கூடாது. அடுப்பை அங்கே மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

கட்டடக்காரி:
ஈசானியம் சார், ஒரு நிமிஷம். தாளோட மேல் பக்கம் வடக்குன்னு யார் சொன்னது? படத்துல எங்கேயும் வடக்கு அம்பு இல்ல. கையால வீடு வரையறவங்க பெரும்பாலும் வாசல்ல நின்னுட்டு உள்ளே பார்த்து வரைவாங்க. வாசல் தாளோட அடியில வந்துடும், எதிர்ல தெரியறது மேலே போயிடும். இதுவும் அப்படித்தான் தெரியுது.

நங்கநல்லூர் மேடம், காத்தைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி மூணு விஷயம் தெரியணும். ஹால் சன்னல்ல வெயில் காலையில விழுதா, சாயங்காலமா? (போன் காம்பஸை சன்னல் கம்பி பக்கத்துல வெச்சுப் பார்க்காதீங்க, இரும்பு அதைக் கெடுத்துடும்.) ஒவ்வொரு சன்னலுக்கும் வெளியில என்ன இருக்கு: ரோடா, பக்கத்து வீட்டுச் சுவரா, டக்டா? சன்னல் தள்ளுற மாதிரியா, கதவு மாதிரி திறக்கிறதா?

சாமானைப் பத்தி அப்புறம் வரேன். அதுக்கு முன்னாடி படத்துல வலது பக்கச் சுவரைப் பாருங்க. மேலே போகப்போக உள்பக்கமா சாயுது.

ராத்திரி_ஷிப்ட்:
சாய்வா எடுத்த போட்டோங்க, சுவர் சாயத்தான் செய்யும். மொபைல்ல எடுத்தா கிட்ட இருக்கிறது பெருசாவும் தள்ளி இருக்கிறது சின்னதாவும் விழும். ஸ்கேன் பண்ற ஆப்ல எடுத்தா நேராயிடும்.

கட்டடக்காரி:
போட்டோ சாய்ஞ்சா நோட்டோட கட்டமும் சேர்ந்து சாயும். பெரிசு பண்ணிப் பாருங்க. இடது பக்கச் சுவர் கட்டத்தோட கோட்டிலேயே மேலே போகுது. வலது பக்கச் சுவர் ஒரு கட்டத்துல ஆரம்பிச்சு, மேலே போகும்போது ஒண்ணரை கட்டம் தாண்டி உள்ளே வந்துடுது. கேமரா இதைப் பண்ணல. அளவு சேரலை, தம்பி கோட்டைச் சாய்ச்சு சேர்த்துட்டார்.

எழுதியிருக்கிற நம்பரைக் கூட்டிப் பாருங்க. கீழ் வரிசையில ஹால் 11, சின்ன ரூம் 10½, மொத்தம் 21½ அடி. மேல் வரிசையில கிச்சன் 8, பெட்ரூம் 12, மொத்தம் 20. நடுவுல வரிசைக்கு ஒரு நாலரை அங்குலச் சுவர், அது ரெண்டு வரிசைக்கும் ஒண்ணுதான். வெளிச்சுவர் நேரா இருந்தா ரெண்டு கூட்டலும் ஒண்ணா வரணும். ஒண்ணரை அடி எங்கேயோ காணோம்.

இன்னொரு திசையில சரியா இருக்கு. ஹால் 13, கிச்சன் 10, ஒரு சுவர்: 23 அடி நாலரை அங்குலம். சின்ன ரூம் 8½, பாத்ரூம் 4, பெட்ரூம் 10, ரெண்டு சுவர்: 23 அடி மூணு அங்குலம். ஒண்ணரை அங்குலம் பூச்சுல போகும். அதனால தம்பி நல்லாத்தான் அளந்திருக்கார், ஒரே ஒரு இடத்துல டேப் எதுலயோ முட்டியிருக்கு. பெட்ரூம்ல ஒண்ணரை அடி ஆழத்துல சிமெண்ட் ஷெல்ஃப் ஏதாவது இருக்கா?

நங்கநல்லூர்_புதுசு:
மேடம், இருக்கு! பெட்ரூம்ல அந்தப் பக்கச் சுவர் முழுக்க கடப்பா கல் போட்ட ஷெல்ஃப். தம்பி அதோட முன்பக்கம் வரைக்கும்தான் டேப் பிடிச்சானாம்.

காலை வெயில் ஹால் சன்னல்லயும் கிச்சன் சன்னல்லயும் விழுது. அப்போ படத்துல இடது பக்கம் கிழக்கு. பெட்ரூம் சன்னல் ரோட்டைப் பார்த்து இருக்கு, அது தெற்கு. மெயின் டோர் வடக்கே காரிடார்ல திறக்குது. காரிடார் மூடி இல்ல, மாடிப்படி பக்கம் ஓட்டை ஓட்டையா ஜாலி வெச்சிருக்காங்க. கிழக்கே பக்கத்து வீடு தரைத்தளம் மட்டும்தான், எங்க சன்னல்லேர்ந்து பார்த்தா அவங்க மொட்டை மாடி தெரியும். மேற்கே பக்கத்து ஃபிளாட். ரெண்டு ஃபிளாட்டுக்கும் நடுவுல ஒரு டக்ட், 3 அடி அகலம், 10 அடி நீளம். சின்ன ரூம் சன்னலும் பாத்ரூம் வென்டிலேட்டரும் அதுலதான் திறக்குது. சன்னல் எல்லாம் அலுமினியம் தள்ளுறது, கொசுவலை கிடையாது.

ஈசானியம்:
அப்படியானால் தெற்கு மேலே. சமையலறை சரியாக அக்னி மூலையில் அமைந்திருக்கிறது. சின்ன ரூம் வாயு மூலை. அடுப்பு கிழக்குச் சன்னலுக்குக் கீழே கிழக்கு பார்த்து. அருமையான அமைப்பு, ஒன்றையும் மாற்ற வேண்டாம்.

நொய்யல்கரை:
என்னோட அனுபவம் சொல்றேனுங்க. கோயம்புத்தூர்ல எங்க வீட்டுக்கு மேக்க பாத்த சன்னல்தான் உசுரு. ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து அப்படியே உள்ள வரும், ஃபேனே வேண்டாம். உங்களுக்கு மேக்க முழுக்க அடைச்சிருக்கு. காத்து வராது. வேற வீடு பாருங்க.

தாம்பரம்_பெரியவர்:
தம்பி, அது கணவாய்க்கு எதிரில் இருக்கிற ஊருக்குச் சரி. சென்னையில் சித்திரை, வைகாசியில் மேற்குக் காற்று வந்தால் அனல். தரையில் பல நூறு கிலோமீட்டர் காய்ந்து வரும் காற்று அது. இங்கே நாங்கள் காத்திருப்பது கடல் காற்றுக்கு. கிழக்கிலும் தென்கிழக்கிலும் இருந்து, பொதுவாக நண்பகலுக்கு மேல் வரும். அது வர நேரமானால் அன்றைக்கு வெயில் கொளுத்திவிடும். மேற்கு அடைபட்டிருப்பது இந்த வீட்டுக்குப் பாதி வரம். பிற்பகல் வெயில் சுவரில் ஏறாது.

கட்டடக்காரி:
பெரியவர் சொன்னதை வெச்சே பார்ப்போம். பிற்பகல்ல காத்து கிழக்கு, தென்கிழக்குலேர்ந்து வருது. உள்ளே வர கிழக்குல ரெண்டு சன்னல், தெற்குல ஒண்ணு. வெளியே போக வழி எது? அதைத்தான் பிளான்ல முதல்ல தேடணும். சன்னல் எத்தனைன்னு எண்ணிட்டு நிறுத்திடறாங்க. வெளியே போக வழி இல்லாத ரூமுக்குள்ள காத்து வாசல்லயே நின்னுடும்.

இந்த வீட்டுல வெளியே போற ஒரே பெரிய வழி வடக்கே இருக்கிற மெயின் டோர். பெட்ரூம் சன்னல்ல நுழையற காத்து பெட்ரூம் கதவு, நடை, ஹால் வழியா அதுல போகும். ஹால் சன்னல் காத்தும் குறுக்கே அதுக்குத்தான் போகும். கதவைச் சாத்தினா எல்லாம் நின்னுடும். அதனால மெயின் டோருக்கு வெளியில ஒரு கம்பிக் கதவு போடுங்க. கீழேர்ந்து மேல வரைக்கும் திறப்பா இருக்கணும், பாதிக்குத் தகடு அடிச்சது வேண்டாம். இந்த வீட்டுக்கு இதைவிடப் பெரிய காத்தோட்ட வேலை எதுவும் இல்ல.

சன்னல் அளவையும் பாருங்க. ஹால் சன்னல் 5க்கு 4ன்னு எழுதியிருக்கார், 20 சதுர அடி. தள்ளுற சன்னல்ல ரெண்டுல ஒரு கண்ணாடிதான் திறக்கும், அதனால காத்துக்குக் கிடைக்கிறது 10. ஹால் 143 சதுர அடி. 2016 தேசியக் கட்டட விதித் தொகுப்பு நம்ம மாதிரி புழுக்கமான ஊருக்குத் தரைப் பரப்புல ஆறுல ஒரு பங்கு திறப்பு கேக்குது, கிட்டத்தட்ட 24. திறக்கிற பாகத்தை மட்டும்தான் கணக்குல சேர்க்கணும். கதவு அந்தக் கணக்குல சேராது, அதனால சன்னல் மட்டும் பாதிகூட இல்ல. மெயின் டோர் திறந்திருந்தாத்தான் ஹாலுக்குக் காத்து தேறும். பிளான்ல ரெட்டைக் கோடு எல்லா சன்னலையும் ஒரே மாதிரி காட்டும், ஆனா கதவு மாதிரி திறக்கிற சன்னலும் தள்ளுறதும் ஒண்ணு இல்ல.

ராத்திரி_ஷிப்ட்:
இவ்வளவு கணக்கு எதுக்கு? பெட்ரூம்ல ஒரு டன் ஏசி போட்டா முடிஞ்சது. நான் பகல்ல தூங்கறவன், எங்க வீட்டுல சன்னலே திறக்கிறதில்ல. அது இருக்கட்டும், பகல்ல வெளிச்சம் வராம மறைக்க என்ன திரை நல்லதுன்னு யாராவது சொல்லுங்களேன்.

சைட்_மேஸ்திரி:
ஷிப்ட் தம்பி, அதுக்குத் தனி இழை போடுப்பா.

அக்கா, சின்ன ரூம் பத்தி யாரும் பேசல. வாயு மூலைன்னு பேரு, அதுக்குத்தான் வாயுவே இல்ல. டக்ட்ல திறக்கிற சன்னல் வெளியில திறக்கிற சன்னல் ஆகாது. மொட்டை மாடிக்குப் போய் டக்ட் மேல என்ன இருக்குன்னு பாருங்க. மழை வருதுன்னு ஷீட் போட்டு நாலு பக்கமும் சிலிகான் அடிச்சிருப்பாங்க. அப்புறம் கீழ இறங்கி டக்ட் அடியில கதவோ கம்பியோ திறப்பு இருக்கான்னு பாருங்க. அடியிலயும் மேலயும் திறப்பு இருந்தாத்தான் சூடான காத்து மேல போகும், கீழேர்ந்து புதுசு ஏறும். ஒண்ணு அடைஞ்சா அது டப்பா. உங்க பாத்ரூம் நாத்தம், பக்கத்து வீட்டு பாத்ரூம் நாத்தம் எல்லாம் அந்த சன்னல்லதான் வரும்.

நங்கநல்லூர்_புதுசு:
நேத்து சாயங்காலம் போய்ப் பார்த்தோம். மேலே பச்சை ஷீட் போட்டிருக்காங்க. ரெண்டு பக்கம் ஒரு சாண் இடைவெளி இருக்கு, மத்த ரெண்டு பக்கம் அடைச்சிருக்கு. கீழே பைப் பார்க்க ஒரு சின்ன இரும்புக் கதவு, பூட்டியிருக்கு. இன்னொண்ணு மேடம், பக்கத்து ஃபிளாட்காரங்க ஏசியோட வெளி யூனிட்டை டக்டுக்குள்ளதான் மாட்டியிருக்காங்க. எங்க சின்ன ரூம் சன்னலுக்கு எதிர்ல, ரெண்டடி தள்ளி. அது ஓடும்போது சன்னல்கிட்ட கையை நீட்டினா அடுப்படி மாதிரி சூடு.

கட்டடக்காரி:
அப்போ அந்தச் சன்னலை ராத்திரியில மூடித்தான் வைக்கணும். ஏசி ஓடுற நேரமும் ஆளு தூங்கற நேரமும் ஒண்ணுதானே. வயசானவங்க படுக்கிற ரூமா இதை நான் எடுத்துக்க மாட்டேன். பிளான்ல சன்னல்னு ஒரு ரெட்டைக் கோடு இருக்கு, அதை நம்பித்தான் மாமியாருக்கு ஒதுக்கியிருக்கீங்க.

செய்யக்கூடியது ஒண்ணு இருக்கு. சின்ன ரூமோட வடக்குச் சுவர் காரிடாரை ஒட்டி இருக்கு. லிண்டல் உயரத்துக்கு மேல, ஏழடிக்கு மேல, மூணடி நீளம் ஒண்ணரை அடி உயரத்துக்கு ஒரு வென்டிலேட்டர் திறந்தா காத்து போக வழி கிடைக்கும். தெற்குச் சன்னல்ல வர்ற காத்து நடை வழியா இந்த ரூமுக்குள்ள நுழைஞ்சு வடக்கே போகும். ரூம் கதவு திறந்திருக்கணும், அவ்வளவுதான்.

சைட்_மேஸ்திரி:
காரிடார் சுவர் பொதுச் சுவர், அசோசியேஷன் எழுத்துல அனுமதி கொடுக்கணும். தூண் பீம் கட்டடமா, செங்கல் சுவரே பாரம் தாங்கற கட்டடமான்னு ஒரு இன்ஜினியர் வந்து பார்க்காம சுத்தியல் வைக்காதீங்க. பழைய கட்டடத்துல லிண்டலுக்கு மேல பீம் எவ்வளவு இறங்கியிருக்குன்னு தெரியாது. ஒண்ணரை அடி கிடைக்காமலும் போகலாம்.

ஈசானியம்:
வாயு மூலையில் வடக்குத் திறப்பு நல்லதே. இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

கட்டடக்காரி:
சரி, இப்போ உங்களுக்கு ஆட்சேபம் வரப்போற விஷயத்துக்கு வரேன் சார்.

அடுப்பு. கிச்சன் தென்கிழக்கு மூலையில இருக்கு. சென்னையில பிற்பகல்லேர்ந்து ராத்திரி வரைக்கும் காத்து வர்ற மூலையும் அதுதான். அடுப்பு கிழக்குச் சன்னலுக்கு நேர் கீழே, எக்ஸாஸ்ட் ஃபேன் அந்தச் சன்னலுக்கு மேலேன்னு பென்சில்ல போட்டிருக்கு. சாயங்காலம் வடை போடும்போது என்ன ஆகும்? காத்து சன்னல் வழியா உள்ளே வந்து நெருப்பை ஆட்டும். தாளிப்பு வாசனையை எடுத்துக்கிட்டு ஹாலுக்குள்ள போய், மெயின் டோர் வழியா காரிடாருக்குப் போகும். ஃபேன் அந்தக் காத்தை எதிர்த்துத் தள்ளணும். சாதாரண ஒன்பது அங்குல ஃபேனுக்கு எதிர்க்காத்தை ஜெயிக்கிற பலம் கிடையாது. சத்தம் வரும், புகை போகாது.

காலையில கதை வேற. கடல் காத்து இன்னும் வந்திருக்காது. கோடையில மேற்குலேர்ந்து வீசும், அப்போ கிழக்குச் சுவர் காத்துக்கு முதுகு காட்டுற பக்கம், அதே ஃபேன் நல்லா இழுக்கும். அதனால வீடு பார்க்கப் போனவங்க காலையில ஃபேனைப் போட்டுப் பார்த்துட்டு நல்லா வேலை செய்யுதுன்னு வந்துடுவாங்க.

ஈசானியம்:
அடுப்பு அக்னி மூலையில் இருக்க வேண்டும், சமைப்பவர் கிழக்கு நோக்க வேண்டும். நம் முன்னோர் காற்றைப் பார்த்துத்தான் இப்படி வைத்தார்கள்.

தாம்பரம்_பெரியவர்:
அந்த வீடுகளில் நடுவில் முற்றம் இருந்தது ஐயா. அடுக்களை ஓட்டுக்கு மேலே புகைக்கூண்டு இருந்தது. மூலையை மட்டும் எடுத்துக்கொண்டு கூண்டை விட்டுவிட்டார்கள்.

கட்டடக்காரி:
சார் சொல்ற ரெண்டும் கெடாம செய்யலாம். மேடை கிழக்குச் சுவர் முழுக்க பத்தடி ஓடுது. சன்னல் 3 அடி அகலம், சுவரோட நடுவுல. அடுப்போட நடுப்பகுதி சன்னல்லேர்ந்து தெற்கே ரெண்டடி தள்ளி வர்ற மாதிரி வையுங்க. கிழக்கு பார்த்துத்தான் சமைப்பீங்க, இன்னும் மூலைக்குக் கிட்டவும் போகும். காத்து நேரா நெருப்புல விழாது. ஆனா இது மட்டும் பத்தாது. எக்ஸாஸ்டுக்குப் பதிலா அடுப்புக்கு மேல குழாய் வெச்ச சிம்னி போடுங்க. அது புகையைக் கிளம்பற இடத்துலயே பிடிக்கும், மோட்டாரும் பலமானது. குழாய் முனையில மூடி போடணும், வளைவு குறைச்சலா இருக்கணும். சமைக்கும்போது கிச்சன் சன்னலைக் கொஞ்சமா திறந்து வெச்சு, ஹால் சன்னலை முழுசாத் திறங்க. கிச்சன்ல மட்டும் காத்து உள்ளே வந்தா எல்லாம் ஹாலுக்குத் தள்ளும்.

சந்தேகம் இருந்தா ஒரு ஊதுபத்தி போதும். காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு தடவை. கிச்சன் சன்னல்ல பிடிங்க, அப்புறம் நடையில, அப்புறம் மெயின் டோர்ல. புகை எந்தப் பக்கம் சாயுதுன்னு பிளான் மேலயே அம்பு போடுங்க. ரெண்டு நேரத்துக்கும் ரெண்டு கலர் பேனா.

நங்கநல்லூர்_புதுசு:
இன்னைக்கு சாயங்காலம் பார்த்தோம். கிச்சன் சன்னல்ல புகை உள்பக்கம்தான் சாயுது. நடையில நல்லா ஓடுது, பெட்ரூம்லேர்ந்து ஹால் பக்கம். சின்ன ரூம் நடுவுல நின்னா நேரா மேலே போகுது, அசையவே இல்ல. மாமியாரும் வந்திருந்தாங்க. பார்த்துட்டு "நான் ஹால்லயே திவான் போட்டுப் படுத்துக்கறேன், அந்த ரூமைப் பையனுக்குக் குடு"ன்னுட்டாங்க. பையனுக்கு மட்டும் காத்து வேண்டாமான்னு அவர் கேக்கறார். வீட்டுல இப்போ அதுதான் பட்டிமன்றம்.

பெட்ரூம் சாமான் பத்தியும் சொல்லுங்க மேடம்.

கட்டடக்காரி:
தெற்குச் சன்னல் 4 அடி அகலம், சுவரோட நடுவுல. கட்டில் 5க்கு 6½, தலைமாடு தெற்கே, சன்னலுக்கு நேர் கீழே. பீரோ வடக்குச் சுவர்ல, கதவுக்குப் பக்கத்துல. பார்க்க அழகா இருக்கு, ஏன்னா பென்சில் பெட்டிக்குக் கதவு கிடையாது.

ரூம் வடக்கு தெற்கா 10 அடி. கட்டில் 6½ எடுத்தா கால்மாட்டுல 3½ மீதி. பீரோ ஆழம் 1 அடி 8 அங்குலம். அதுக்கும் கட்டிலுக்கும் நடுவுல 1 அடி 10 அங்குலம். பீரோ கதவு ஒவ்வொண்ணும் ஒண்ணரை அடி. கதவைத் திறந்தா கட்டிலுக்கு நாலு அங்குலம்தான் இருக்கும், நீங்க கட்டில் மேல ஏறி நின்னுதான் புடவை எடுக்கணும். ரூம் கதவு 2 அடி 9 அங்குலம், உள்பக்கம் திறக்குது, அதுக்கு வளைவு போடலை. அது கட்டிலைத் தொடாது, ஆனா பீரோ முன்னாடி நிக்கறவங்களைத் தள்ளும்.

மாத்தறது சுலபம். ஷெல்ஃபுக்கு முன்னாடி ரெண்டடி விட்டுட்டு கட்டிலை மேற்கே தள்ளுங்க. கிழக்கே அஞ்சடி கிடைக்கும். பீரோ கிச்சன் பக்கச் சுவர்ல, தென்கிழக்கு மூலையை ஒட்டி. அதுக்கு முன்னாடி 3 அடி 4 அங்குலம், தாராளம். சன்னலோட முக்கால் பங்கு கட்டில் மேல, கால் பங்கு வெறும் தரை மேல வரும். அந்தக் கால் பங்குல நின்னு சன்னலைத் தள்ளித் திறக்கலாம், மழை அடிச்சா கட்டில் மேல ஏறாம மூடலாம். காத்தும் கதவுக்கு நேரா ஓடும். ஃபேன் கொக்கி எங்கே இருக்குன்னு பிளான்ல இல்ல, அதைப் பார்த்துட்டு கட்டிலைத் தள்ளுங்க. கொக்கி ரொம்பக் கிழக்கே இருந்தா ராத்திரியில ஃபேன் காத்து தரைக்குத்தான் போகும்.

ஹால் சோபாவுக்கு எனக்கு ஒரே கேள்வி: சன்னல் அடிச்சுவர் தரையிலேர்ந்து எவ்வளவு உயரம்? மூணடின்னா சோபா அங்கேயே இருக்கலாம். ரெண்டடின்னா சோபா முதுகு சன்னலோட அடியை மறைக்கும், உக்கார்ந்திருக்கிற ஆளோட உயரத்துக்கு வர்ற காத்து அதுதான். மேலேர்ந்து பார்த்து வரையற பிளான்ல உயரம் வராது. ஒவ்வொரு சன்னல் பக்கத்துலயும் தம்பியை எழுதச் சொல்லுங்க.

நங்கநல்லூர்_புதுசு:
ரெண்டே கால் அடி. அப்போ சோபா மேற்குச் சுவருக்கு, டிவி கிழக்குச் சுவர்ல சன்னலுக்கு வடக்கே. கண்ணு கூசுமோ?

கட்டடக்காரி:
காலையில கூசும். டிவி பார்க்கிறது சாயங்காலம்தானே. திவான் சன்னலுக்குக் கீழே வரட்டும், முதுகு இல்லாத திவானா இருந்தா எதையும் மறைக்காது. மாமியாருக்குக் காத்து நேராக் கிடைக்கும்.

நொய்யல்கரை:
ஒண்ணு கேக்கறனுங்க. கிழக்க பக்கத்து வீட்டுக்காரர் நாளைக்கு ரெண்டு மாடி எழுப்பினா?

சைட்_மேஸ்திரி:
நல்ல கேள்வி. சென்னையில தரைத்தளத்தோட நிக்கற வீடெல்லாம் எப்போ பில்டர் கைக்குப் போகும்னு சொல்ல முடியாது. அஞ்சடி தள்ளிச் சுவர் எழும்பினா ஹால் சன்னல்ல இப்போ வர்றதுல பெரும்பகுதி போயிடும். கொஞ்சம் சந்துல ஓடி வரும். கிச்சனுக்கும் அதே கதி, சிம்னி குழாயைத் தெற்குச் சுவர்ல விடுங்க.

கட்டடக்காரி:
ஆமாம். அதனாலதான் தெற்குச் சன்னல், நடை, மெயின் டோர் இந்த வழியை எதை வெச்சும் அடைக்காதீங்கன்னு சொல்றேன். அதுக்கு எதிர்ல ரோடு, யாரும் கட்ட முடியாது. நடை 3 அடிதான். செருப்பு ஸ்டாண்டு, வாஷிங் மெஷின், அரிசி டிரம்னு ஒண்ணொண்ணா அங்கே வந்து சேரும், பார்த்துக்கோங்க. ராத்திரி பெட்ரூம் கதவைச் சாத்தினா இந்த வழியும் அடைபடும். கதவுக்கு மேல ஒரு அடி உயரத்துக்கு வென்டிலேட்டர் வெச்சா கதவு சாத்தியிருக்கும்போதும் கொஞ்சம் ஓடும். உள்சுவர்தான், அசோசியேஷன் வேண்டாம்.

நங்கநல்லூர்_புதுசு:
செக்ரட்டரிகிட்ட காரிடார் வென்டிலேட்டர் பத்திக் கேட்டேன். மீட்டிங்ல வைக்கறேன்னு சொன்னார். டக்ட்ல ஏசி மாட்டினவங்க பேரைச் சொன்னதும் பேச்சை மாத்திட்டார், அவங்கதான் பொருளாளராம்.

தாம்பரம்_பெரியவர்:
முதலில் டக்ட் அடியில் இருக்கும் அந்த இரும்புக் கதவைக் கம்பிக் கதவாக மாற்றச் சொல்லிக் கேளுங்கள். அது எல்லா வீட்டுக்கும் நல்லது, யாரும் மறுக்க மாட்டார்கள். ஏசி பேச்சை அதற்கு அடுத்த மீட்டிங்கில் எடுக்கலாம்.

ஈசானியம்:
சிம்னி குழாய் தெற்கே போகலாமா என்று பார்த்துவிட்டு நாளை சொல்கிறேன்.